ஆஞ்சியோ முடிந்து வாரங்கள் கழித்துச் சிறுநீரகம் கெடுவது ஏன்?

"அப்பாவுக்கு ஆஞ்சியோ செய்து மூன்று வாரம். கிரியேட்டினின் ஏறிக்கொண்டே போகிறது, கால்விரலும் நீலமாகிவிட்டது. ஏன்?"

முதலில் சந்தேகிக்க வேண்டியது கொலஸ்ட்ரால் துகள் அடைப்பு. பழைய இரும்புக் குழாய்க்குள் கம்பியை விட்டால் துரு பெயர்ந்து முனையிலுள்ள சல்லடையில் சிக்கும். அப்படித்தான் ஆஞ்சியோ குழாய் உரசும்போது மகாதமனிச் சுவரின் கொழுப்புப் படிவு உடைந்து, அதன் படிகங்கள் சிறுநீரகத்தின் நுண்ணிய தமனிகளில் செருகிக்கொள்கின்றன. உடல் அவற்றை அந்நியப் பொருளாகப் பார்த்து அழற்சியைக் கிளப்புகிறது. பலருக்கு ரத்தத்தில் ஈசினோபில் என்னும் வெள்ளையணு கூடுவது இதனால்தான்.

துகள்கள் விட்டுவிட்டு உதிரும், அழற்சியும் மெதுவாகவே குழாயை அடைக்கும். ஆகவே 1.2 ஆக இருந்த கிரியேட்டினின் இரண்டாம் வாரம் 1.9, ஐந்தாம் வாரம் 3 என்று படிப்படியாக ஏறலாம். விரல் நீலமாக இருந்தாலும் பாதத்தைத் தொட்டால் நாடி நன்றாகத் துடிக்கும், ஏனென்றால் அடைபட்டது நுனிக் குழாய்கள் மட்டுமே. தொடையில் வலைபோல ஊதா நிறமும் தெரியலாம்.

பலரும் ஆஞ்சியோவில் செலுத்தும் சாயமருந்தைக் குற்றம் சொல்கிறார்கள். ஆனால் சாயத்தால் வரும் பாதிப்பு ஓரிரு நாளில் தெரிந்து, பெரும்பாலும் பத்து நாளுக்குள் இறங்கத் தொடங்கிவிடும்.