தூரத்தை வேகத்தால் வகுத்தால் ரோப்கார் நேரம் ஏன் வருவதில்லை?

கேள்வி: சரிவு நீளம் 650 மீற்றர், வேகம் செக்கனுக்கு 5 மீற்றர் என்று போர்டில் போட்டிருந்தது. அப்படியென்றால் 130 செக்கனில் மேலே போயிருக்க வேணும். போனில் நேரம் பார்த்தேன், கிட்டத்தட்ட நாலு நிமிடம் எடுத்தது. இடையில் ஒருதரம் அந்தரத்தில் ஊர்ந்தது. என் கணக்கு எங்கே பிழை?

பதில்:

கணக்கு பிழையில்லை. ஆனால் அது முழு வழியும் ஒரே வேகத்தில் போகிற பெட்டிக்கான கணக்கு. அந்தரத்தில் ஊர்ந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, நீங்கள் ஏறியது எந்த வகை என்பது அதிலேயே தெரிகிறது.

வெளிநாட்டில் கேபிள் கார் பராமரிப்பில் வேலை செய்தவன் நான். இப்போது யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன். பின்னேரங்களில் அயலில் உள்ள ஏ.எல். பெடியள் இணைந்த கணிதத்தோடு வருவார்கள். கீரிமலை என்று பெயர் வைத்துவிட்டு மலையே இல்லாத ஊரில் இருந்துகொண்டு ரோப்கார் கணக்குச் சொல்லிக்கொடுப்பது எனக்கே சிரிப்புத்தான். ஆனாலும் வேக–நேர வரைபுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

பெட்டி கம்பிவடத்தைப் பிடித்திருக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு வகையில் பெட்டி நிலையத்துக்குள் வந்ததும் கிரிப் திறந்து வடத்தை விட்டுவிடும். வடம் தன்பாட்டில் முழு வேகத்தில் ஓடும். பெட்டியை மேலே வரிசையாக உள்ள ரயர்கள் மெதுவாக நகர்த்திக்கொண்டு போகும். ஆட்கள் ஏறி முடிந்ததும் அதே ரயர்கள் பெட்டியை வடத்தின் வேகத்துக்குக் கொண்டுவந்து திரும்பக் கொளுவிவிடும். மலேசியாவில் கெந்திங் ஸ்கைவே இந்த வகை. நீளம் சுமார் 3.38 கிலோமீற்றர், உச்ச வேகம் செக்கனுக்கு 6 மீற்றர். வகுத்தால் 9 நிமிடமும் கொஞ்சமும் வரும், சவாரிக்குச் சொல்லும் நேரம் சுமார் 11 நிமிடம். நிலையத்துக்குள் ஊர்கிற நேரம் இருக்கிறது, எப்பவும் உச்ச வேகத்தில் ஓட்டுவதுமில்லை, அதனால் இந்த வித்தியாசம் பெரிசில்லை. இந்த வகையில் பெட்டி 12 செக்கனுக்கு ஒன்று வந்தாலும் 20 செக்கனுக்கு ஒன்று வந்தாலும் நீங்கள் மேலே போக எடுக்கும் நேரம் மாறாது. இடைவெளி கூடினால் கீழே வரிசைதான் நீளும்.

மற்ற வகையில் கிரிப் வடத்தை விடவே விடாது. பெட்டியும் வடமும் ஒன்று. கீழே ஆள் ஏற வேண்டுமென்றால் வடம் மெதுவாக வேண்டும், வடம் மெதுவானால் அதில் தொங்குகிற அத்தனை பெட்டியும் மெதுவாகும். ஒரே கயிற்றில் கட்டின ஆடுகள் மாதிரி, ஒன்று நின்றால் எல்லாம் நிற்க வேண்டியதுதான். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக வேகம் குறைத்தால் சவாரியே ஓடாது. அதனால் மூன்று நான்கு பெட்டிகளை நெருக்கமாகச் சேர்த்து ஒரு தொகுதி ஆக்கி, தொகுதிகளைச் சம இடைவெளியில் வடத்தில் மாட்டுவார்கள். ஒரு தொகுதி கீழே மேடைக்கு வரும் அதே நேரம் இன்னொன்று மேலே மேடைக்கு வரும். ஒரே தடவை வேகம் குறைத்து இரண்டு நிலையத்திலும் ஏற்றி இறக்கிவிடலாம். நீங்கள் ஏறியது இதுதான். நீங்கள் அந்தரத்தில் ஊர்ந்தபோது மேலேயும் கீழேயும் ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்திருப்பார்கள்.

இனி உங்கள் 650 மீற்றரை எடுப்போம். கிடைத்தூரம் 600, உயரம் 250 என்றால் சரிவு நீளம் சரியாக 650 வரும். படத்தில் அளந்த 600ஐ அப்படியே போட்டு வகுக்கிற பெடியள் உண்டு, அதில் 10 செக்கன் போய்விடும். பாதை கீழே சாய்வாகவும் மேலே செங்குத்தாகவும் இருந்தால் கோபுரத்துக்குக் கோபுரம் தனித்தனியாகப் பார்த்துக் கூட்ட வேணும், அப்போது இன்னும் சில மீற்றர் கூடும். இதெல்லாம் சின்ன விஷயம்.

பெரிய விஷயம் ஏற்றும் இடைவெளி. மற்ற அளவுகளை நீங்கள் தராதபடியால், இப்படிப்பட்ட ரோப்காருக்குப் பொருந்துகிற எண்களை நானே வைக்கிறேன். வடத்தில் மொத்தம் நாலு தொகுதி, ஏறுகிற பக்கம் இரண்டு, இறங்குகிற பக்கம் இரண்டு. ஆக ஒரு தொகுதிக்கும் அடுத்ததுக்கும் இடையே 325 மீற்றர். நிலையத்தில் ஊரும் வேகம் செக்கனுக்கு 0.5 மீற்றர். தொகுதியின் நீளம் 10, மேடையின் நீளம் 10, ஆகவே முதல் பெட்டி மேடையைத் தொட்டதிலிருந்து கடைசிப் பெட்டி விடும்வரை 20 மீற்றர் ஊர வேணும். அதற்கே 40 செக்கன். பிறகு 0.5இலிருந்து 5க்கு ஏற வேணும். ஆர்முடுகல் 0.25 என்று வைத்தால் 18 செக்கன் எடுக்கும், அதற்குள் 49.5 மீற்றர் போகும். அடுத்த தொகுதி மேடைக்கு வருவதற்கு முன் அமர்முடுகலுக்கும் அதே 18 செக்கன், அதே 49.5 மீற்றர். 325இல் மிச்சம் 206 மீற்றர். முழு வேகத்தில் போவது அந்தத் துண்டு மட்டும்தான், 41 செக்கன்.

கூட்டினால் ஒரு சுற்று சுமார் 117 செக்கன். ஏற்றும் இடைவெளி என்பது இதுதான்: 117 செக்கனுக்கு ஒருதரம் உங்கள் மேடைக்கு ஒரு தொகுதி வரும். நீங்கள் கீழிருந்து மேலே போகக் கடப்பது இப்படியான இரண்டு சுற்று. 234 செக்கன், அதாவது 3 நிமிடம் 54 செக்கன். மேடையில் எந்த இடத்தில் ஏறி எந்த இடத்தில் இறங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்.

வரைபைக் கீறிப் பாருங்கள், இரண்டு சரிவகம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், நடுவில் ஒரு தாழ்வு. அந்தத் தாழ்வில்தான் நீங்கள் அந்தரத்தில் 40 செக்கன் ஊர்ந்தீர்கள். போர்டில் போட்டிருக்கும் 5 என்பது சரிவகத்தின் உச்சி மட்டும். முழு வழிக்குமான சராசரி எடுத்தால் செக்கனுக்கு 3 மீற்றரும் வராது.

இந்தக் கணக்கைச் செய்து காட்டியபோது ஒரு பெடியன் கேட்டான், "சேர், அப்ப வேகத்தை 6 ஆக்கினா என்ன?" நல்ல கேள்வி. செய்து பார்த்தோம். 6க்கு ஏறவும் இறங்கவும் இன்னும் கூடுதல் தூரம் வேணும், முழு வேகத்துக்கு மிஞ்சுவது 162 மீற்றர்தான். சுற்று 111 செக்கன், சவாரி 222. வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு கூட்டி மிச்சம் பிடித்தது வெறும் 12 செக்கன். அதற்குப் பெரிய மோட்டரும் வேணும்.

பிறகு 5ஐ அப்படியே விட்டுவிட்டு, மேடையில் ஊரும் வேகத்தை மட்டும் 0.5இலிருந்து 0.6 ஆக்கச் சொன்னேன். சவாரி 220 செக்கனுக்கு வந்தது. அந்தரத்தில் முழுதாக ஒரு மீற்றர் கூட்டியதைவிட மேடையில் பத்துச் சதம மீற்றர் கூட்டியது கூட வேலை செய்கிறது. "அப்ப ஏன் சேர் எல்லாரும் அப்பிடிச் செய்யேல்லை?" என்றான். சேலை உடுத்த ஒரு அம்மா, ஒரு கையில் பேத்தி, மற்றக் கையில் பை, நகர்ந்துகொண்டிருக்கும் பெட்டியின் படியில் கால் வைப்பதை மேடையில் நின்று பார்த்தால் அவன் அப்படிக் கேட்கமாட்டான். அவவின் முதல் அடி படியில் ஊன்றுவதற்குள் பெட்டி அரை மீற்றர் போய்விடும். ரோப்காரின் உண்மையான வேகத்தை முடிவு செய்வது மோட்டர் அறையில்லை, அந்தக் கால்தான். இதைத் தெரியாமல் விளம்பரத்தில் செக்கனுக்கு இத்தனை மீற்றர் என்று பெரிதாகப் போடுவதில் எனக்கு எப்பவும் எரிச்சல்.

மேடையில் நிற்கும் ஊழியர், ஏறுகிற ஒரு ஆளுக்காக வேகத்தை இன்னும் குறைத்தோ நிறுத்தியோ 20 செக்கன் தாமதிக்கிறார் என்று வையுங்கள். அந்த 20 செக்கன், மேலேயும் கீழேயும் நடுவிலும் இருக்கிற எல்லாருடைய சவாரியிலும் 20 செக்கனாகச் சேரும். திருவிழா நாளில் நேரம் நீளுவது இதனால்தான், மோட்டர் களைத்ததால் இல்லை.

தொகுதியைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெட்டிக்கு 6 பேர், தொகுதிக்கு 3 பெட்டி என்றால், நாலு தொகுதி மணிக்கு ஏறக்குறைய 550 பேரைத் தூக்கும். இரண்டு தொகுதிதான் என்றால் நடுவில் ஊர்வதே இருக்காது, சவாரி 182 செக்கன், ஆனால் மணிக்கு 355 பேர்தான். ஆறு தொகுதி என்றால் மணிக்கு 680 வரை போகலாம், ஆனால் சவாரி 287 செக்கனாகிவிடும், அந்தரத்தில் இரண்டு தரம் ஊரும். ஒவ்வொரு தடவை வேகம் குறையும்போதும் இந்த எண்களுக்கு 52 செக்கன் வீணாகிறது, அதைத் தொகுதி கூட்டித் தப்ப முடியாது. தொகுதிகள் இரட்டை எண்ணாக இருப்பதும் சும்மா இல்லை. மூன்று என்று வைத்தால் கீழே ஒன்று நிற்கும்போது மேலே மேடை வெறுமையாக இருக்கும், மேலே ஒன்று வரும்போது திரும்ப ஒருதரம் குறைக்க வேணும்.

இந்த ஒத்திசைவு தானாக நிற்காது. வடம் பாரத்தில் காலப்போக்கில் நீளும். கிரிப் ஒரே இடத்தைக் கடித்துக்கொண்டே இருந்தால் அந்த இடத்தில் வடத்தின் கம்பிகள் கெடும் என்பதால், கிரிப்புகளைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருதரம் கழற்றி வடத்தில் கொஞ்சம் தள்ளி மாட்டவும் வேணும். எல்லாத் தொகுதியையும் ஒரே அளவு தள்ளாவிட்டால், கீழே தொகுதி சரியாக மேடையில் இருக்கும்போது மேலே உள்ளது இரண்டு மூன்று மீற்றர் பின்னால் நிற்கும். இரண்டுக்கும் சேர்த்து ஊர்கிற தூரம் 20இலிருந்து 23 ஆகும். சுற்றுக்கு 5 செக்கனுக்கு மேல் கூடும். வெளியில் நிற்பவருக்கும் இது தெரியும்: கீழே கதவு மூடி எல்லாரும் இருந்த பிறகும் வடம் காரணமில்லாமல் ஊர்ந்துகொண்டே இருக்கும்.

அடுத்தமுறை போர்டைப் பார்க்க வேண்டாம். கீழ் மேடையில் ஒரு தொகுதியின் முதல் பெட்டி வந்ததிலிருந்து அடுத்ததின் முதல் பெட்டி வரும்வரை போனில் நேரம் எடுங்கள். ஒரு தொகுதி கீழே மேடையில் நிற்கும்போது அண்ணாந்து பார்த்து, மேலே போகிற பக்கம் அந்தரத்தில் எத்தனை தொகுதி என்று எண்ணி ஒன்று கூட்டுங்கள். நீங்கள் ஏறியதில் ஒன்று இருந்திருக்கும், ஆகவே இரண்டு. அந்த எண்ணிக்கையால் நேரத்தைப் பெருக்கினால் சவாரி நேரம் வந்துவிடும், நீளமும் வேகமும் தெரியத் தேவையில்லை. கூட்டம் உள்ள நாளில் நாலைந்து தொகுதிக்குச் சராசரி எடுப்பது நல்லது.