வாடகைதாரர் இறந்துவிட்டால் குடும்பம் அதே வீட்டில் தொடரலாமா?

"டெல்லி கரோல் பாக்கில் அப்பா பெயரில் பழைய வாடகை வீடு, வாடகை 900 ரூபாய். அப்பா போய்விட்டார். அம்மாவும் நானும் காலி செய்யணுமா?"

முதலில் ஒன்றைப் பாருங்கள்: வாடகை உறவை முடிப்பதாக வீட்டுக்காரர் அப்பாவுக்குச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்திருந்தாரா? கொடுக்கவில்லை என்றால் அப்பாவின் வாடகை உரிமை சொத்தைப் போலவே வாரிசுகளுக்கு வரும்.

கொடுத்திருந்தால், 1958ஆம் ஆண்டு டெல்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 2(எல்) பிரிவு பேசும். மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேல் போனால் இந்தச் சட்டமே பொருந்தாது. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. முதல் உரிமை மனைவிக்கு. அவர் இல்லாவிட்டால்தான் பிள்ளைகள், அப்புறம் பெற்றோர், கடைசியாக முன்பே இறந்த மகனின் மனைவி. யாரானாலும் இறக்கும் நாள்வரை உடன் வசித்திருக்க வேண்டும்.

அம்மா அப்பாவின் வருமானத்தை நம்பி இருந்தவர் என்றால் ஆயுள் முழுக்க இருக்கலாம். சொந்த வருமானத்தில் வாழ்ந்தவர் என்றால் ஒரே வருடம்தான். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்: அம்மாவுக்குப் பின் இந்த உரிமை உங்களுக்கு வராது. ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, அப்பாவின் வங்கிக் கணக்கிலிருந்து வீட்டுச் செலவுக்குப் பணம் போன பதிவு, எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். வாடகையை மாதாமாதம் அம்மாவே கொடுத்து, ரசீதையும் அவர் பெயரில் கேளுங்கள்.