இரண்டு பெயர்கள், ஒரே குரல்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் சமுதாய வானொலிக்கு வாரந்தோறும் 15 நிமிட நிகழ்ச்சி ஒன்றை எழுதித் தருகிறேன். மாலதி, கதிர் என்று இரண்டு தொகுப்பாளர்கள். இருவருக்கும் வரிகளைச் சமமாகத்தான் பிரிக்கிறேன். ஆனாலும் ஒரே ஆள் மாறி மாறிப் பேசுவதுபோல இருக்கிறது என்று கேட்பவர்கள் சொல்கிறார்கள். ஒருவருக்கு வட்டார வழக்கைக் கொடுத்தால் சரியாகுமா? டெங்கு பற்றிய எழுத்துப் படியிலிருந்து ஒரு பகுதியை இணைத்திருக்கிறேன்.

கி.

அன்புள்ள கி.,

நீங்கள் அனுப்பிய பகுதி இது.

மாலதி: டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் கதிர்.
கதிர்: ஆமாம் மாலதி. அந்த முட்டைகள் பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும்.
மாலதி: அதுமட்டுமல்ல கதிர், தண்ணீர் வற்றினாலும் அவை பல மாதங்கள் உயிரோடு இருக்கும்.
கதிர்: எனவே வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும் மாலதி.

இதில் பெயர்களை மட்டும் இடம் மாற்றிப் படித்துப் பாருங்கள். எதுவும் கெடாது. ஒரு கட்டுரையை எழுதி முடித்துவிட்டு, முற்றுப்புள்ளி வந்த இடத்திலெல்லாம் வெட்டி, ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்திருக்கிறீர்கள். 'ஆமாம்', 'அதுமட்டுமல்ல', 'எனவே' ஆகியவை வெட்டிய இடத்தில் போட்ட தையல்கள். கதிருக்கு என்னென்ன தெரியுமோ அத்தனையும் மாலதிக்கும் தெரியும். அப்படியிருக்க, ஒருவர் மற்றவரிடம் இதைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. சமமாகப் பிரித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வரிகளை எண்ணிப் பிரிப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

நான் அஞ்சுவது உங்கள் அடுத்த அடியைப் பற்றித்தான். இந்தக் குறையைச் சுட்டிக் காட்டினால், பெரும்பாலோர் ஒருவரை எல்லாம் தெரிந்தவராகவும் மற்றவரை ஒன்றுமே தெரியாதவராகவும் ஆக்கிவிடுகிறார்கள். பிறகு ஒருவர் பாடம் நடத்துவார், மற்றவர் "அப்படியா?", "அடேயப்பா!" என்பார். அந்த "அப்படியா?" ஏறக்குறைய எப்போதும் பெண்ணின் பங்குக்குத்தான் வந்து சேர்கிறது. இதைப் பல ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டு மனம் கசந்திருக்கிறேன்.

இளவயதில் ஒரு வானொலி நிலையத்தில், வேளாண் நிகழ்ச்சிகளுக்குப் படி எடுத்து உதவும் வேலையில் இருந்தேன். நிலக்கடலைக்கு ஜிப்சம் இடுவது பற்றிய ஒரு நிகழ்ச்சி. எக்டருக்கு 400 கிலோ, விதைத்த 40 முதல் 45 நாளுக்குள் இட்டு மண் அணைக்க வேண்டும் என்பது செய்தி. தொகுத்த பெண்மணி மானாவாரிக் கடலை விளையும் ஊரில் பிறந்து, தம் கையாலேயே ஜிப்சம் தூவியவர். எழுதித் தரப்பட்ட படியிலோ அவருக்கு "ஜிப்சம் என்றால் என்னங்க ஐயா?" என்ற கேள்விதான் இருந்தது. அவரும் முகம் மாறாமல் கேட்டார். ஒலிப்பதிவு முடிந்து தேநீர் குடிக்கும்போதுதான் தமது சொந்தக் கேள்வியைக் கேட்டார்: "மழை இல்லாம மண்ணு கட்டி தட்டிக் கிடக்கிற நேரத்துல, நாள் கணக்கு வந்துடுச்சுன்னு எப்படிங்க ஐயா மண் அணைக்கிறது?" வந்திருந்த வேளாண் அலுவலர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இறவைப் பயிருக்குத்தான் அந்த நாள் கணக்கு என்றும், மானாவாரியில் மண்ணின் ஈரத்தைப் பார்த்து 40 முதல் 75 நாளுக்குள் இடலாம் என்றும் விளக்கினார். காய் பிடிக்கும் விழுது மண்ணில் இறங்கிய பிறகு மண்ணைக் கிளறக் கூடாதே என்று அந்த அம்மாள் மடக்க, பேச்சு சூடுபிடித்தது. உழவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நிகழ்ச்சி அதுதான். ஒலிப்பதிவுக் கருவி அணைந்திருந்தது.

ஆகவே ஒரு சொல் எழுதும் முன்பே முடிவு செய்யுங்கள்: மாலதிக்குத் தெரிந்து கதிருக்குத் தெரியாதது எது, கதிருக்குத் தெரிந்து மாலதிக்குத் தெரியாதது எது? உங்கள் படியில் கதிர் சுகாதார ஆய்வாளரிடம் கேட்டு வந்தவராக இருக்கட்டும், அவருக்குக் கொசுவைத் தெரியும். மாலதி ஐந்து நாளுக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் தெருவில் குடும்பம் நடத்துபவராக இருக்கட்டும், அவருக்குத் தண்ணீரைத் தெரியும். இனி உங்கள் செய்திகளையே எழுதிப் பார்க்கிறேன்.

மாலதி: நான் ஞாயித்துக்கிழமை தவறாம டிரம்மைக் கவுத்துடுவேன்.
கதிர்: கவுத்துட்டு?
மாலதி: கவுத்துட்டு என்ன, தண்ணி வந்ததும் மறுபடி பிடிச்சு வெப்பேன்.
கதிர்: உள்பக்கம் தேய்க்க மாட்டீங்களா?
மாலதி: தண்ணியே போயிடுச்சு. தேய்க்க அதுல என்ன இருக்கு?
கதிர்: முட்டை இருக்கு. தண்ணி நின்ன மட்டத்துக்குக் கொஞ்சம் மேல, சுவர்ல ஒட்டியிருக்கும். காஞ்சாலும் மாசக்கணக்குல சாகாது. திரும்பத் தண்ணி பட்டாப் பொரிச்சிடும். நல்லாத் தேய்ச்சுக் கழுவணும்.
மாலதி: அஞ்சு நாளைக்கு ஒரு தடவை தண்ணி வர்ற தெருவுல, கழுவுறதுக்குன்னு தண்ணிக்கு எங்க போறது?
கதிர்: அதை நான் யோசிக்கல.
மாலதி: தண்ணி தீர்ற அன்னைக்கு அடியில ரெண்டு சொம்பு நிக்கும். அதுலயே நார் போட்டுத் தேய்ச்சுடலாம்.
கதிர்: அது போதும். தேய்ச்ச தண்ணிய காஞ்ச தரையில கொட்டிடுங்க.

உங்கள் படியில் 'தேய்க்க வேண்டும்' என்பது நான்காவது வாக்கியம், அவ்வளவுதான். இங்கே, கவிழ்த்தால் போதும் என்று உண்மையாகவே நம்பும் ஒருவர் மறுத்த பிறகு அது வருகிறது. கேட்பவர்களில் பெரும்பாலோர் அதே நம்பிக்கையோடுதான் இருப்பார்கள். வரியை எங்கே முறிப்பது என்பதற்கு வழி இதுதான்: கேட்பவர் மனத்தில் மறுப்போ ஐயமோ எழும் இடத்தில் முறியுங்கள், அதை அடுத்தவர் வாயில் வையுங்கள். அப்படி எதுவும் எழாத இடத்தில் ஒருவரே நாலைந்து வாக்கியங்களைத் தொடர்ந்து பேசட்டும், முட்டையைப் பற்றிக் கதிர் பேசுவதைப் போல. மற்றவர் "கவுத்துட்டு?" என்ற ஒரே சொல்லோடு நிற்கட்டும். இப்போது பெயர்களை மாற்றிப் பாருங்கள், முதல் வரியிலேயே இடறும். கதிர் "அதை நான் யோசிக்கல" என்று சொல்லும் இடத்தையும் கவனியுங்கள். அந்த ஒரு வரிக்குப் பிறகு மாலதி வெறும் கேள்வி கேட்பவர் அல்லர்.

ஒவ்வொரு வரியிலும் பெயர் சொல்லி அழைப்பது செயற்கையாக இருக்கிறது. தொடக்கத்தில் ஒருமுறை, பாட்டு முடிந்து திரும்பும்போது ஒருமுறை போதும். ஒரே வாக்கியத்தை இருவரும் பாதிப் பாதியாகச் சொல்வது மேடை வாழ்த்துக்கு ஆகும், பேச்சுக்கு ஆகாது.

பிரிக்கவே கூடாத பகுதியும் ஒன்று உண்டு. காய்ச்சலுக்கு ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளைத் தாமாக வாங்கிப் போடக்கூடாது, அவை இரத்தக்கசிவை மிகுதியாக்கும் என்ற எச்சரிக்கையை ஒரே குரல் முழுதாகச் சொல்ல வேண்டும். இடையில் மறுப்பும் கேள்வியும் நுழைந்தால், பாதியில் காது கொடுப்பவர் தவறான பாதியைக் கொண்டு போய்விடுவார். 104 என்ற உதவி எண்ணை மட்டும் மற்றவர் திருப்பிச் சொல்லலாம். எழுதிக்கொள்ள நேரம் கிடைக்கும்.

வட்டார வழக்கு வேண்டாம். மாலதியாகப் பேசுபவர் தம் வீட்டில் எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசட்டும். படியை அவரிடம் கொடுக்கும் முன், அவர் வீட்டு டிரம்மை எப்படிக் கழுவுகிறார் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.