பேலன்ஸ் காட்டுகிறது, பணம் மட்டும் வரவில்லை: எங்கே நிற்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: இரண்டு மாதமாக என் விற்பனைப் பணம் வரவில்லை. டாஷ்போர்டில் தொகை இருக்கிறது, பக்கத்திலேயே On hold என்று போட்டிருக்கிறது. வங்கிக் கணக்கு எண்ணை நாலு தடவை சரிபார்த்துவிட்டேன். வேறு என்னதான் செய்வது?

முதலில் ஒரே ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். தொகையைக் காட்டும் முகப்புப் பக்கம் வேண்டாம். `Payouts` அல்லது `Payment history` என்ற பெயரில் தனியாக ஒன்று இருக்கும். இந்த இரண்டு மாதத்துக்கு அதில் ஏதாவது பதிவு இருக்கிறதா?

ஒரு பதிவுகூட இல்லை என்றால், பணம் தளத்தை விட்டுக் கிளம்பவே இல்லை என்று அர்த்தம். அப்போது கணக்கு எண்ணை இன்னும் பத்து தடவை சரிபார்த்தாலும் ஒன்றும் நடக்காது. பெரும்பாலும் அடையாளச் சரிபார்ப்போ வரிப் படிவமோ முடியாமல் நின்றிருக்கும். பதிவு இருந்து, அது `In transit` அல்லது `Paid` என்று காட்டிவிட்டுச் சில நாள் கழித்து `Failed` அல்லது `Returned` என்று மாறியிருந்தால், பணம் கிளம்பிப் போய் வங்கியிலிருந்து திரும்பி வந்திருக்கிறது. அப்போதுதான் வங்கி விவரத்தைத் தோண்ட வேண்டும். உங்களுக்கு On hold என்று காட்டுவதைப் பார்த்தால், முதல் வகையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்த வித்தியாசம் தெரியாததால் எனக்கு ஐந்து வாரம் வீணானது. அச்சிட்டுப் பயன்படுத்தும் பிளானர் பக்கங்களை வடிவமைத்து ஒரு தளத்தில் விற்கிறேன். முதல் பணம் வரவேண்டிய தேதியில் வரவில்லை. கணக்கு எண்ணில்தான் தப்பு என்று நானே முடிவு செய்து, அதை அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்து, வேறொரு வங்கிக் கணக்கைக் கொடுத்தேன். அப்புறம் பழையதற்கே திரும்பினேன். வங்கி விவரத்தை மாற்றினால் பாதுகாப்புக்காகச் சில நாள் பணத்தை நிறுத்திவைப்பது பல தளங்களில் வழக்கம். வேறு யாராவது கணக்கைக் கைப்பற்றிப் பணத்தைத் தன் பக்கம் திருப்பிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. நான் ஒவ்வொரு தடவை மாற்றியபோதும் அந்தக் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கியது. என் தப்பு கணக்கு எண்ணில் இல்லவே இல்லை.

கடைசியில் தெரிந்தது இதுதான். தளத்தில் என் பெயர் மூன்று இடத்தில் மூன்று விதமாக இருந்தது. அடையாள அட்டையில் அப்பா பெயரும் என் பெயரும் முழுதாக விரித்து எழுதியிருக்கும். வங்கிக் கணக்கில் முதலெழுத்தும் பெயரும் மட்டும். வரிப் படிவத்திலோ, பெயர் கேட்ட இடத்தில் என் கடையின் பெயரை எழுதியிருந்தேன். வாங்குபவர்கள் பார்ப்பது அந்தப் பெயரைத்தான் என்பதால் அதுதான் சரி என்று தோன்றியது. மூன்றும் என்னைத்தான் குறிக்கின்றன என்று எனக்குத் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளுக்குத் தெரியாது.

அதனால் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, ஒரு தாளில் மூன்று பெயர்களையும் எழுத்து மாறாமல் எழுதிப் பார்ப்பது. அடையாள ஆவணத்தில் இருப்பது, தளத்தின் வரிப் பக்கத்தில் இருப்பது, வங்கி அறிக்கையில் அச்சாகியிருப்பது. நீங்கள் நினைவில் வைத்திருப்பதை எழுதாதீர்கள், பார்த்து எழுதுங்கள். அடையாள ஆவணத்தில் உள்ளதையே அடிப்படையாக வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் அதற்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். கடைப் பெயர், புனைபெயர், சேனல் பெயர் எல்லாம் பொதுப் பக்கத்தில் மட்டும் இருக்கட்டும். சில தளங்களில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். ஒற்றைப் பெயர் உள்ளவர்கள் அந்த இரண்டாவது கட்டத்தில் புள்ளியோ கோடோ போட்டு நகர்ந்துவிடுவார்கள், அங்கேயே சரிபார்ப்பு முறிந்துவிடும். அந்த நிலை உங்களுக்கு இருந்தால் எதை நிரப்புவது என்று முன்னாடியே உதவிக் குழுவிடம் எழுதிக் கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள்.

அடையாளச் சரிபார்ப்பில் பெயருக்கு அடுத்தபடி அதிகம் சிக்குவது பிறந்த தேதி. 4-9 என்று எழுதினால் ஒருவருக்கு ஏப்ரல் 9, இன்னொருவருக்கு செப்டம்பர் 4. கட்டத்தின் அருகே `MM-DD-YYYY` என்று இருந்தால் மாதம்தான் முதலில். படத்தைப் பொறுத்தவரை, அட்டையின் நாலு மூலையும் தெரிய வேண்டும், மேலே விளக்கு வெளிச்சம் அடிக்கக் கூடாது, ஆவணம் காலாவதியாகி இருக்கக் கூடாது. மீதியை அந்தப் பக்கமே சொல்லிவிடும்.

இனி வரிப் படிவம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது ஓசையில்லாமல் தடுக்கும். தளம் அமெரிக்க நிறுவனத்துடையது, நீங்கள் அமெரிக்கர் இல்லை, தனிநபராக விற்கிறீர்கள் என்றால் உங்களிடம் கேட்கும் படிவம் `W-8BEN`. நிறுவனத்தின் பெயரில் விற்பவர்களுக்கு `W-8BEN-E`, அமெரிக்கர்களுக்கு `W-9`. தப்பான படிவத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் உள்ளே எவ்வளவு சரியாக நிரப்பினாலும் பயன் இல்லை. இந்தப் படிவம் அமெரிக்க வரித்துறைக்குப் போவதில்லை. பணம் கொடுக்கும் தளமே அதை வாங்கி வைத்துக்கொள்ளும். ஆகவே அது ஏன் ஏற்கப்படவில்லை என்று தளத்திடம்தான் கேட்க வேண்டும்.

படிவத்தில் நிரந்தர முகவரி கேட்கும் இடத்தில் தபால் பெட்டி எண் கொடுக்கக் கூடாது, நீங்கள் உண்மையிலேயே வசிக்கும் முகவரி வேண்டும். உங்கள் நாட்டு வரி எண்ணுக்கு ஒரு இடம் இருக்கும். அதைக் காலியாக விட்டால் படிவம் ஏற்கப்படலாம், ஆனால் அடுத்து வரும் வரி ஒப்பந்தச் சலுகை கிடைக்காமல் போகலாம். இரண்டாம் பகுதியில்தான் அந்தச் சலுகையைக் கோர வேண்டும். அமெரிக்காவிலிருந்து வரும் ராயல்டி போன்ற வருமானத்துக்குப் பிடித்தம் பொதுவாக 30 சதவீதம். உங்கள் நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இருந்தால் அது குறையலாம், ஆனால் நீங்கள் கோரினால்தான் குறையும். அதனால் பணம் வந்தும் குறைவாக வந்திருந்தால் இந்தப் பகுதியைத் திறந்து பாருங்கள். அமெரிக்க வருமானம் 100 டாலருக்கு 70 டாலர்தான் வந்திருக்கிறது என்றால், பெரும்பாலும் இரண்டாம் பகுதி காலியாக இருக்கும்.

இன்னொன்று, இந்தப் படிவத்துக்குக் காலாவதி உண்டு. கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் வரும் மூன்றாவது ஆண்டின் கடைசி நாள் வரைதான் செல்லும். 2022 மார்ச்சில் கொடுத்திருந்தாலும், அதே ஆண்டு நவம்பரில் கொடுத்திருந்தாலும், இரண்டும் 2025 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும். வருடக்கணக்கில் ஒழுங்காகப் பணம் வந்துகொண்டிருந்து ஜனவரியில் திடீரென்று நின்றுபோனவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். நடுவில் வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்தாலும் படிவத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதை 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று படிவத்திலேயே இருக்கிறது.

வங்கிப் பகுதிக்கு வருகிறேன். `IBAN` பயன்படுத்தும் நாடுகளில் எண்ணுக்குள்ளேயே இரண்டு சரிபார்ப்பு இலக்கங்கள் இருப்பதால், ஒரு இலக்கம் தவறினால் படிவமே ஏற்காது. மற்ற இடங்களில் தவறான எண்ணும் உள்ளே போய்விடும், பணம் திரும்பி வந்த பிறகுதான் தெரியும். `SWIFT` குறியீடு 8 அல்லது 11 எழுத்துகள்தான் இருக்க வேண்டும். 9, 10 என்று வந்தால் அது வேறு ஏதோ குறியீடு. பணம் ஒரு தடவை திரும்பியதும் அந்தக் கணக்கை முடக்கிவைத்து, நீங்கள் புதுப்பிக்கும் வரை அடுத்த பணத்தை அனுப்பாத தளங்களும் உண்டு. ஒரு மாதத் தப்பு இரண்டு மாதமாவது இப்படித்தான்.

சரி செய்யும் வரிசை முக்கியம். முதலில் அடையாளம், அது `Verified` ஆனதும் வரிப் படிவம், அது ஏற்கப்பட்டதும் வங்கி. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது எதைத் தடுக்கிறது என்று உங்களுக்கும் புரியாது, உதவிக் குழுவுக்கும் புரியாது. நான் அடையாளத்தைத் தொடவில்லை, அது ஏற்கெனவே முடிந்திருந்தது. வரிப் படிவத்தில் கடைப் பெயரை எடுத்துவிட்டு அட்டையில் உள்ள பெயரை எழுதினேன். மூன்றாம் நாள் ஏற்றுக்கொண்டார்கள். பிறகு வங்கிக்குப் போய்க் கணக்கில் என் முழுப் பெயரைச் சேர்க்க மனு கொடுத்தேன். அதுதான் அதிக நாள் எடுத்தது.

இதற்கிடையில் உதவிக் குழுவுக்கு எழுதிய கடிதங்களில் ஒன்று மட்டும் பலித்தது. அதற்கு முன் எழுதியதெல்லாம் "என் பணம் எங்கே" என்ற வகை. அவற்றுக்கு வந்தது தயாராக வைத்திருக்கும் பதில்தான். பலித்த கடிதத்தில் இவ்வளவுதான் எழுதினேன்: "Payouts பக்கத்தில் எந்தப் பதிவும் இல்லை. அடையாளம் Verified. வரிப் படிவத்தை இன்ன தேதியில் கொடுத்தேன், இன்னும் Pending என்று இருக்கிறது. படிவத்தில் எந்தக் கட்டம் பொருந்தவில்லை என்று சொல்லுங்கள்." மறுநாளே பெயர்க் கட்டம் என்று பதில் வந்தது. உங்கள் பக்கத்தில் `Paid` என்று இருந்து வங்கியில் வரவில்லை என்றால், கேள்வி வேறு. அந்தப் பணத்துக்கான டிரேஸ் எண்ணைக் கேளுங்கள். நாடு விட்டு நாடு போன பணமாக இருந்தால் `UETR` என்ற 36 எழுத்துக் குறியீட்டைக் கேளுங்கள். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் உங்கள் வங்கியே பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்று தேடிச் சொல்லும்.

On hold என்று சொல்லி மின்னஞ்சலில் வரும் இணைப்பு எதையும் அழுத்த வேண்டாம். பணத்துக்காகக் காத்திருப்பவர்களைக் குறிவைத்தே போலி மின்னஞ்சல்கள் வருகின்றன. முகவரியை நீங்களே அடித்துத் தளத்துக்குள் நுழையுங்கள். உண்மையிலேயே ஏதாவது பாக்கி இருந்தால் உள்ளேயும் அதே அறிவிப்பு இருக்கும்.

Payouts பக்கத்தில் பதிவு இருக்கிறதா, இருந்தால் என்ன நிலை காட்டுகிறது என்று கருத்தில் எழுதுங்கள். கணக்கு எண்ணையோ ஆவணப் படத்தையோ இங்கே போட்டுவிடாதீர்கள், நிலையைக் குறிக்கும் அந்த ஒரு சொல் போதும்.