இடது பக்கக் குழாய்

வணக்கம் சார்,

என் மகள் ஆறாம் வகுப்பு. காலாண்டு விடுமுறை முடிந்ததும் அவள் வகுப்பில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். முதல் நாளே பத்துப் பதினைந்து பேர் சூழ்ந்துகொண்டு பேசினார்களாம். மறுநாள் அந்தப் பெண் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லையாம். "நல்லதுக்குத்தானேம்மா போனோம்" என்கிறாள் மகள். அவளுக்கு என்ன சொல்லட்டும்?

ம., கரூர்

அன்புள்ள ம.,

நான் ஏழாம் வகுப்பில், பொங்கல் விடுமுறைக்கு அப்புறம் பள்ளி மாறியவன். என்னையும் சூழ்ந்துகொண்டார்கள். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "ஏன்டா நடுவுல வந்த?" அப்பா கடையில் நஷ்டப்பட்டு, கடன் தொல்லையில் ஊரை விட்டு வந்திருந்தோம். அதை எப்படிச் சொல்வது? அப்பாவுக்கு மாற்றல் என்று ஒரு பொய் சொன்னேன். ஆண்டுத் தேர்வு வரைக்கும் அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதே எனக்குப் பெரிய வேலையாக இருந்தது. அதனால் ஏன் வந்தாய், அப்பா என்ன செய்கிறார், அங்கே என்ன ரேங்க் என்பதையெல்லாம் உங்கள் மகள் கேட்க வேண்டாம். அந்தப் பெண்ணே சொன்னால் கேட்டுக்கொள்ளட்டும்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எதுவும் கேட்கவில்லை. தன் பெயரைச் சொன்னான். இடைவேளை மணி அடித்ததும், "தண்ணித் தொட்டி பின்னாடி இருக்கு. இடது குழாயிலதான் தண்ணி வரும்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டான். பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத பேச்சு அது. கழிப்பறை எங்கே, எந்த டீச்சர் வீட்டுப்பாடத்தைத் தினமும் பார்ப்பார், நாளைக்கு எந்த நோட்டு வேண்டும் என்பதெல்லாம் புதிதாக வந்தவருக்குக் கேட்கக் கூச்சமான விஷயங்கள். முதல் நாளில் ஒருவரோ இருவரோ இதைச் சொன்னால் போதும்.

சாப்பாட்டு நேரத்தில் "வா வா" என்று கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. "நாங்க வேப்பமரத்துக்கிட்ட சாப்பிடுவோம், தோணுச்சுன்னா வா" என்று சொல்லிவிட்டு, ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்காரலாம். வரவில்லையா, சரி. இரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை சொல்லலாம். பதில் ஒற்றை வார்த்தையாகச் சுருங்கினாலோ, பையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாலோ அன்றைக்கு அதற்கு மேல் வேண்டாம்.

நோட்டு விஷயத்தில்தான் நல்ல பிள்ளைகளும் சொதப்புவார்கள். எனக்கு ஐந்து பேர் ஐந்து நோட்டைக் கொடுத்து, "நாளைக்குக் கொண்டுவந்துடு" என்றார்கள். ராத்திரி பதினொரு மணி வரை எழுதியும் கணக்கு நோட்டில் பாதிகூட முடியவில்லை. காலையில் அழுகைதான் வந்தது. ஒரு பாடத்தின் நோட்டு, இப்போது நடக்கும் பாடத்திலிருந்து, வெள்ளிக்கிழமை கொடுத்துத் திங்கட்கிழமை வாங்கிக்கொள்வது நல்லது. பழைய பாடங்களில் எதை எழுத வேண்டும், எதை விடலாம் என்பதை டீச்சரிடம் கேட்டுச் சொன்னால் இன்னும் உதவி.

ஒன்று மறந்துவிட்டேன். என்னைச் சூழ்ந்த கூட்டம் ஒரே வாரத்தில் கலைந்துபோனது. இரண்டாவது வாரம் யாரும் இல்லை. குழாயைச் சொன்னவன் மட்டும் அந்த வாரம் திரும்பி வந்து, கபடிக்கு ஒரு ஆள் குறையுது என்றான். உங்கள் மகளிடம் அந்த இரண்டாவது வாரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.