தாத்தாவின் படத்திறப்பில் எந்தச் சொல்லை எங்கே வைப்பது?

கேள்வி: எங்கள் ஊர் போச்சம்பள்ளிப் பக்கம். தாத்தாவின் பதினாறாம் நாள் படத்திறப்பில் நான் பேச வேண்டும். எழுதிப் பார்த்தால் வரிக்கு வரி 'மிகுந்த துயரம்' என்றே வருகிறது. மாங்காய் விலை போகாததும் துயரம், என் கல்யாணத்துக்கு அவரால் வர முடியாததும் துயரம், அவர் போனதும் துயரம். வேறு சொற்கள் உண்டா?
- ஒரு பேத்தி

பதில்: உண்டு அம்மா. முதல் இரண்டு இடங்களிலும் துயரத்தை எடுத்துவிடுங்கள்.

தோத்தாபுரி மாங்காய்க்குக் கூழ் ஆலையில் எதிர்பார்த்த விலை கிடைக்காதது ஏமாற்றம். அடுத்த காய்ப்பில் அது ஆறிவிடும். ஆனால் 'தாத்தா ஏமாந்தார்' என்று எழுதிவிடாதீர்கள், யாரோ அவரை ஏமாற்றியதாகக் கேட்பவர்கள் நினைப்பார்கள். 'ஏமாற்றமாக இருந்தது' போதும்.

கல்யாணத்துக்கு வர முடியாததற்கு ஆதங்கம் பொருந்தும். ஆசைப்பட்டது கைகூடாமல் போய், அதையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொள்வதுதான் ஆதங்கம். வருத்தம் என்றும் சொல்லலாம், ஆனால் 'தாத்தாவுக்கு என் மேல் வருத்தம்' என்று வந்துவிட்டால் அது மனத்தாங்கல் ஆகிவிடும். உங்கள் இருவருக்கும் நடுவில் ஏதோ சண்டை என்று உறவுக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

அவர் போனதற்குத் துக்கம் என்றே சொல்லுங்கள். துயரம் எழுத்தில் நன்றாக இருக்கும், ஆனால் பந்தலில் வாய்விட்டுச் சொல்லும்போது கொஞ்சம் விலகி நிற்கும். துக்க வீடு, துக்கம் விசாரிக்க வந்தோம் என்று ஊரே புழங்கும் சொல் தொண்டையிலிருந்து நேராக வரும். 'ஆழ்ந்த இரங்கல்' மட்டும் வேண்டாம். அது வெளியிலிருந்து வருபவர்கள் குடும்பத்துக்குச் சொல்வது. நீங்களே அந்தக் குடும்பம். 'மிகுந்த' என்பதையும் எடுத்துவிடலாம், துக்கத்துக்கு முன்னால் அது சொல்லின் கனத்தைக் குறைக்கத்தான் செய்கிறது.

துக்கம் என்ற சொல்லை ஒரே ஒரு முறை, கடைசிக்குப் பக்கத்தில் வையுங்கள். தகடூர் அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூறு 235 இதற்கு நல்ல பாடம். தகடூர் என்பது இன்றைய தருமபுரிதான். பாட்டின் தொடக்கத்தில் துன்பத்தைச் சொல்லும் சொல்லே இல்லை. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் மகிழ்ந்து உண்பான் என்று அவன் செய்ததையே வரிசையாகச் சொல்கிறார். ஒவ்வொன்றின் முடிவிலும் 'மன்னே' வருகிறது, இனி அது இல்லை என்று. அழுகை அதற்கப்புறம்தான்.

இன்றைய தமிழில் 'தருவார், வருவார்' என்ற வடிவமே அந்த வேலையைச் செய்யும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"முதல் பழத்தைத் தாத்தா என் கையில்தான் தருவார். விலை போகாத வருடம் அவருக்கு ஏமாற்றம்தான், ஆனாலும் வேலையாட்களின் கூலியை அன்றைக்கே எண்ணிக் கொடுப்பார். என் கல்யாணத்தைப் பார்க்க முடியவில்லையே என்ற ஆதங்கம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. இந்தத் துக்கம் எனக்குத் தாளவில்லை."

பாட்டி இருந்தால், அவரைப் பற்றிய வரியை இதற்குப் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே கவலை என்ற சொல் சரியாக இருக்கும், அது இனி வரப்போகும் நாட்களைப் பற்றியது.