இரட்டையர் முன்னால் முகமாற்ற மதிப்பெண் நிற்குமா?

“எங்கள் முகமாற்ற மாடலுக்கு அடையாளத் தேடல் மதிப்பெண் 95 சதவீதத்துக்கு மேல் வருகிறது. ஆனால் மூல முகத்துக்குச் சொந்தக்காரருக்கு அச்சு அசலாக ஓர் இரட்டைச் சகோதரர் இருந்தால், வந்திருப்பது இவர் முகமா அவர் முகமா என்று எப்படி அளப்பது?”

அந்த மதிப்பெண் யாருக்கு நடுவில் எடுத்தது என்று முதலில் பாருங்கள். வழக்கமாக ஃபேஸ்ஃபோரென்சிக்ஸ்++ தொகுப்பின் 1000 வீடியோக்களை எடுத்துக்கொண்டு, மாற்றிய ஒவ்வொரு வீடியோவிலிருந்தும் 10 ஃபிரேம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மிக நெருக்கமான மூல முகம் எது என்று தேடுவார்கள். ஃபேஸ்ஷிஃப்டர், சிம்ஸ்வாப் என்ற முகமாற்ற மாடல்களின் 97.38, 92.83 சதவீதம் எல்லாம் இப்படி வந்த எண்கள்தான். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவர்களுக்கு ஒருவருக்கொருவர் சாயலே கிடையாது. சாயல் வந்துவிட்டால் அங்கே தேறிவிடலாம். இரட்டையர் இருவரில் யார் என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 சதவீதம் வரும்.

அதனால் மாற்றிய படத்தைத் தொடுவதற்கு முன்பு அளவுகோலைச் சோதியுங்கள். மூல நபரை அ, அவருடைய இரட்டையரை ஆ என்று வைத்துக்கொள்வோம். இருவரின் நிஜப் படங்களையே, முகத்தை அடையாளம் காண நீங்கள் பயன்படுத்தும் மாடலால் பிரிக்க முடிகிறதா? ஒஹாயோ மாநிலத்தின் ட்வின்ஸ்பர்க் ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் இரட்டையர் திருவிழாவில், நோட்ரே டேம் பல்கலைக்கழகத்தினர் 2009, 2010 ஆண்டுகளில் படமெடுத்துச் சோதித்தார்கள். ஒரே நாளில், ஒரே வெளிச்சத்தில் எடுத்த படங்களில் இரட்டையரை ஓரளவு நன்றாகவே பிரிக்க முடிந்தது. ஓராண்டு இடைவெளி விழுந்ததும், வெளிச்சமும் முகபாவமும் மாறியதும் அந்தத் திறன் வெகுவாகக் குறைந்தது. நிஜப் படங்களிலேயே பிரியாவிட்டால் அந்த ஜோடியில் உங்கள் மாடலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஜோடியை விலக்கிவிட்டு, விலக்கியதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

இரத்த உறவே இல்லாத ஒத்த முகங்களிலும் இதே சிக்கல்தான். பார்சிலோனா ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், அப்படிப்பட்ட 32 ஜோடிகளில் 16 ஜோடிகளை மூன்று முக அறிதல் முறைகளுமே ஒத்தவையாகக் காட்டின.

சரி, பிரிகிறது என்று வைத்துக்கொள்வோம். பார்க்க வேண்டியது அ-வோடு உள்ள ஒப்புமையை மட்டுமல்ல, ஆ-வோடு உள்ள ஒப்புமையைக் கழித்தால் மிஞ்சும் இடைவெளியை. கீழே swap என்பது மாற்றிய படம், A_other, B_other என்பவை அ, ஆ இருவரின் வேறு நிஜப் படங்கள், cos என்பது இரண்டு முகங்களின் ஒப்புமை.

```
gap = cos(swap, A_other) - cos(swap, B_other)
```

கணக்குக்காகச் சில எண்கள். அ-வின் வெவ்வேறு நாள் நிஜப் படங்களுக்குள் சராசரி ஒப்புமை 0.70, அ-வுக்கும் ஆ-வுக்கும் 0.58 என்றால் நிஜ இடைவெளி 0.12. மாற்றிய படம் அ-வோடு 0.55, ஆ-வோடு 0.53, யாருடைய வீடியோவில் முகத்தை மாற்றினோமோ அந்த இலக்கு நபரோடு 0.15. இலக்கு நபரின் முகம் போய்விட்டது, குடும்பச் சாயல் வந்துவிட்டது. ஆனால் இடைவெளி 0.02 தான். அ-வை ஆ-விடமிருந்து பிரித்துக்காட்டுவதில் ஆறில் ஒரு பங்குதான் தங்கியிருக்கிறது. வழக்கமான தேடலில் இதே படம் முழு மதிப்பெண் வாங்கிவிடும்.

நான் பார்த்தவரை இந்தக் கணக்கு ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. மாடலுக்குக் கொடுத்த அதே படத்தை ஒப்பிடவும் வைத்தால், அந்தப் படத்தின் வெளிச்சமும் தலைச் சாய்வும் சிரிப்பும் சேர்ந்து இடைவெளியை ஊதிவிடும். அது அ-வின் அடையாளம் அல்ல, அந்த ஒரு போட்டோவின் அடையாளம். ஒப்பிடும் படங்கள் வேறு நாளில் எடுத்தவையாகவும், அ, ஆ இருவருக்கும் ஒரே கேமரா, ஒரே வெளிச்சத்தில் எடுத்தவையாகவும் இருக்க வேண்டும். அப்புறம் பாத்திரங்களை மாற்றுங்கள்: ஆ-வின் படத்தை மூலமாகக் கொடுத்து அதே இலக்கில் ஓட்டினால் இடைவெளி எதிர்மறையாகத் திரும்ப வேண்டும். இரண்டு தடவையும் அ பக்கமே சாய்ந்தால், அது ஒப்பிடும் படங்களிலோ இலக்கு முகத்திலோ இருக்கும் சாய்வு. மூலத்திலிருந்து வந்ததல்ல.

அளக்கும் மாடல், பயிற்சியில் இழப்புக் கணக்குக்குப் பயன்பட்ட மாடலாக இருக்கக் கூடாது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆர்க்ஃபேஸ் என்ற முக அறிதல் மாடலை வைத்துப் பயிற்றுவித்தால் வேறொன்றால் அளக்க வேண்டும்.

இன்னொன்று மச்சம். வீட்டார் இரட்டையரைப் பிரிப்பது பல சமயம் ஒரு மச்சம், ஒரு தழும்பு, புருவத்தில் ஒரு வெட்டு இவற்றை வைத்துத்தான். ஆர்க்ஃபேஸ் போன்றவை பார்ப்பதோ 112 × 112 பிக்சல் படம். சின்ன மச்சம் அதில் கரைந்துவிடும். போதாததற்கு, படத்தை இடவலமாகத் திருப்பி இரண்டு படங்களுக்கும் மாடல் தரும் எண் வரிசைகளான திசையன்களைக் கூட்டிக்கொள்வது சோதனைகளில் சகஜம். அப்படிச் செய்தால் மச்சம் எந்தக் கன்னத்தில் என்ற தகவலே அழிந்துபோகும். இரட்டையர் சோதனைக்கு அந்தத் திருப்பலை நிறுத்திவிடுங்கள். முழுத் தெளிவுப் படத்தில் அ-வின் அடையாளக் குறிகளைத் தனியாகப் பட்டியலிட்டு, மாற்றிய வீடியோவில் எவை வந்தன, எவை போயின, இலக்கு நபரின் மச்சம் எங்காவது அப்படியே நிற்கிறதா என்று ஆள் வைத்துச் சரிபாருங்கள். முடிந்தால் அந்த இருவரையும் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் ஒலியில்லாமல் காட்டி, யார் என்று கேளுங்கள். ஒலி இருந்தால் குரலை வைத்துச் சொல்லிவிடுவார்.